மீற்றரில் 6 வோல்ட், வானொலியில் 2 வோல்ட்: இரண்டு தடைகளுக்கு நடுவே காணாமற்போகும் மின்சாரம்

2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்டது. அந்த நாட்களில் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர்ப் பக்கம் பல வீடுகளின் கண்களும் 12 வோல்ட் பற்றரியின் மீதுதான் இருந்தன. மோட்டார் சைக்கிளின் பற்றரி, முச்சக்கர வண்டியின் பற்றரி, தோணியில் விளக்கெரிக்கும் பற்றரி என எது கையில் கிடைத்தாலும் அதிலிருந்து ஒரு விளக்கோ வானொலியோ கைத்தொலைபேசியோ இயங்குமா என்று பார்த்தார்கள்.

இது எமக்குப் புதிய பழக்கமல்ல. 1990களில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வானொலி கேட்டவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் எமது கரையோரத்திலும் பற்றரியில் ஓடும் வானொலிக்கு இருந்த பெறுமதி எல்லோருக்கும் தெரியும்.

இப்படியான நேரத்தில் பாடசாலையில் படித்த ஒரு விடயம் பலருக்கு நினைவுக்கு வரும். பற்றரி 12 வோல்ட். வானொலியில் நான்கு டோர்ச் பற்றரி போட வேண்டும். ஒவ்வொன்றும் ஒன்றரை வோல்ட், ஆகவே மொத்தம் 6 வோல்ட். 12 வோல்ட்டைப் பாதியாக்க இரண்டு சம தடைகளை வரிசையாக இணைத்து, நடுவிலிருந்து எடுத்தால் போதுமே! மீற்றர் வைத்துப் பார்த்தால் சரியாக 6 வோல்ட் காட்டுகிறது. வானொலியை இணைத்தால் சத்தமே இல்லை. மறுபடி கழற்றி அளந்தால் திரும்பவும் 6 வோல்ட்.

வானொலியும் பழுதில்லை, மீற்றரும் பொய் சொல்லவில்லை. நடந்தது என்ன?

நடுப்புள்ளியின் கணக்கு

இரண்டு தடைகளை வரிசையாக இணைத்து நடுவிலிருந்து குறைந்த அழுத்தத்தை எடுக்கும் அமைப்புக்கு அழுத்தப் பிரிப்பான் என்று பெயர். ஒவ்வொன்றும் 1000 ஓம் உள்ள இரண்டு தடைகளை எடுப்போம். கடையில் வாங்கினால் கபிலம், கறுப்பு, சிவப்பு என்று மூன்று கோடுகள் இருக்கும். மேல் தடையின் ஒரு முனை பற்றரியின் நேர் முனைக்குப் போகிறது. கீழ்த் தடையின் ஒரு முனை மறை முனைக்குப் போகிறது. மற்ற இரு முனைகளும் நடுவில் சேர்கின்றன.

மொத்தத் தடை 2000 ஓம். 12ஐ 2000ஆல் வகுத்தால் 0.006 அம்பியர், அதாவது 6 மில்லி அம்பியர் ஓட்டம். இந்த 6 மில்லி அம்பியர் மேல் தடையைக் கடக்கும்போது 6 வோல்ட் செலவாகிறது. மிச்சம் 6 வோல்ட் கீழ்த் தடையின் இரு முனைகளுக்கிடையே இருக்கிறது. நாம் மீற்றரில் பார்த்தது அதைத்தான்.

இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. மேல் தடையால் வரும் ஓட்டம் முழுவதும் கீழ்த் தடையால்தான் போக வேண்டும், நடுவிலிருந்து யாரும் எதையும் எடுக்கக் கூடாது. வானொலியை இணைத்த கணமே அந்த நிபந்தனை உடைந்து போகிறது.

மூன்றாவது தடை

சிறிய வானொலி ஒன்று குறைந்த சத்தத்தில் 6 வோல்ட்டில் 25 மில்லி அம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது மேல் தடையைப் பாருங்கள். 12 வோல்ட் முழுவதையும் அதன் குறுக்கே கொடுத்தாலும் 1000 ஓம் தடையால் போகக்கூடியது 12 மில்லி அம்பியர் மட்டுமே. வானொலியோ 25 கேட்கிறது. வாசல் அவ்வளவு ஒடுக்கம். மேல் தடையால் வரவே முடியாத ஓட்டத்தை நடுப்புள்ளி எங்கிருந்து கொடுக்கும்?

அப்படியானால் வானொலிக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது? 6 வோல்ட்டில் 25 மில்லி அம்பியர் எடுக்கும் பொருள், மின்சாரத்தின் பார்வையில் 240 ஓம் தடை போன்றது (6 ÷ 0.025). உண்மையான வானொலி அச்சொட்டாக ஒரு தடை போல நடக்காது, ஆனால் நிலைமையை விளங்கிக்கொள்ள இந்தக் கணக்குப் போதும். இந்த 240 ஓம், கீழேயுள்ள 1000 ஓமுக்குப் பக்கத்தில் இன்னொரு பாதையாக நிற்கிறது. பாதை இரண்டானால் போவது இலகு, தடை குறையும்:

1000 × 240 ÷ (1000 + 240) = 194 ஓம்

இப்போது பற்றரிக்குத் தெரிவது மேலே 1000 ஓம், கீழே 194 ஓம். இரண்டும் சமமில்லை, ஆகவே அழுத்தமும் பாதி பாதியாகப் பிரியாது:

12 × 194 ÷ 1194 = 1.95 வோல்ட்

6 வோல்ட் தேடி வந்த வானொலிக்குக் கிடைப்பது இரண்டு வோல்ட்டும் இல்லை. மிச்சம் பத்து வோல்ட் மேல் தடையிலேயே விழுந்துவிடுகிறது. இணைக்கப்படும் பொருளுக்குச் சுமை என்று பெயர். சுமை ஏறும்போது வெளியீட்டு அழுத்தம் இறங்குவதைத்தான் சுமையேற்ற விளைவு என்கிறார்கள்.

வீட்டுத் தண்ணீர்த் தாங்கியை நினைத்துப் பாருங்கள். மேலிருந்து ஒடுக்கமான ஒரு குழாய் இறங்குகிறது. கீழே தண்ணீர் மெல்லக் கசிந்துகொண்டிருக்கிறது. குழாயின் நடுவில் நல்ல அழுத்தம் இருக்கும். அங்கே ஒரு பைப்பைப் பொருத்தித் திறந்தால், மேல் குழாயால் கூடுதல் தண்ணீர் ஓட வேண்டி வருகிறது. ஒடுக்கம் அதைத் தடுக்கிறது, நடுவில் அழுத்தம் விழுகிறது. பைப்பை மூடினால் பழைய அழுத்தம் திரும்பி வருகிறது.

தடையைக் குறைத்தால் சரியா?

வாசல் ஒடுக்கம் என்றால் பெரிதாக்கலாமே என்று தோன்றும். 1000 ஓமுக்குப் பதில் இரண்டு 100 ஓம் தடைகள் போட்டால் அதே வானொலிக்கு ஏறக்குறைய 5 வோல்ட் கிடைக்கும். பாடும். ஆனால் சத்தத்தைக் கூட்டினால் வானொலி கூடுதல் ஓட்டம் கேட்கும். 6 வோல்ட்டில் 100 மில்லி அம்பியர் எடுக்கும் அளவுக்குப் போனால் அது 60 ஓம் சுமை. அப்போது அழுத்தம் 3.3 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். மெல்லிய சத்தத்தில் நன்றாகப் பாடி, கூட்டியதும் கரகரத்து விட்டு விட்டு ஒலித்தால், அதற்கு முதற் காரணமாக இதைச் சந்தேகிக்கலாம்.

இன்னும் குறைத்து இரண்டு 10 ஓம் போட்டால்? குறைந்த சத்தத்தில் 5.88 வோல்ட் கிடைக்கிறது. அழுத்தம் கிட்டத்தட்ட சரிதான், ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். வானொலியை இணைக்காமலே 0.6 அம்பியர் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடையிலும் 3.6 வாற்று வெப்பம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் தடை கால் வாற்று மட்டுமே தாங்கும். அது புகைந்து, கருகி மணக்கும். 7 அம்பியர் மணி பற்றரி ஒன்று கணக்குப்படி 12 மணித்தியாலத்துக்குள் காலியாகும். அதே பற்றரியில் வானொலி மட்டும் 25 மில்லி அம்பியர் எடுத்தால் 280 மணித்தியாலம் வரும்.

ஆக, தடையைக் கூட்டினால் அழுத்தம் விழுகிறது, குறைத்தால் பற்றரி வீணாகிறது. சுமைக்கு மின்சாரம் கொடுக்கும் வேலைக்கு அழுத்தப் பிரிப்பான் பொருத்தமானதல்ல.

கைத்தொலைபேசியில் ஆபத்து

வானொலியில் நட்டம் மௌனம் மட்டுமே. கைத்தொலைபேசியில் விடயம் மறுபக்கம் திரும்பும். சிலர் ஒரேயொரு தடையை வரிசையில் போட்டு 12 வோல்ட்டிலிருந்து சார்ஜ் பண்ணப் பார்ப்பார்கள். தொலைபேசிக்கு 5 வோல்ட், அரை அம்பியர் வேண்டும். 7 வோல்ட்டை விழுத்த வேண்டும், ஆகவே 14 ஓம் என்று கணக்கும் சரியாக வரும்.

ஆனால் இங்கே கீழ்த் தடையாக இருப்பது தொலைபேசியேதான். அது நிரம்ப நிரம்ப எடுக்கும் ஓட்டம் குறையும். 50 மில்லி அம்பியருக்கு இறங்கினால் அந்த 14 ஓமில் விழுவது 0.7 வோல்ட் மட்டுமே. மிச்சம் 11 வோல்ட்டுக்கு மேல் தொலைபேசியின் வாசலில் நிற்கும். சுமை கூடினால் அழுத்தம் இறங்குவது போல, சுமை குறைந்தால் அழுத்தம் ஏறும். இதைச் செய்யவே வேண்டாம்.

இதற்குக் காருக்கு விற்கும் 12 வோல்ட் யூஎஸ்பி சார்ஜர்தான் சரி. சிறு வானொலிக்கு 7806 என்று எழுதிய மூன்று கால் சீராக்கி போதும். எழுத்து உங்களைப் பார்த்திருக்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடது கால் உள்ளீடு, நடு மறை, வலது 6 வோல்ட் வெளியீடு. அது தன் வெளியீட்டைத் தானே கவனித்து, சுமை மாற மாறத் தன்னைத் திருத்திக்கொள்ளும். இரண்டு தடைகளால் செய்ய முடியாத வேலை அதுதான்.

பிரிப்பான் பொருந்தும் இடம்

அப்படியென்றால் அழுத்தப் பிரிப்பான் எதற்கு? அந்த வானொலியின் சத்தம் கூட்டும் குமிழே பெரும்பாலும் ஓர் அழுத்தப் பிரிப்பான்தான். அதற்கு அடுத்துள்ள பகுதி மிகச் சொற்ப ஓட்டமே எடுப்பதால் அங்கே அழுத்தம் விழுவதில்லை. பற்றரியின் அளவை அறியச் சோலார் கருவிகளும் இதையே பயன்படுத்துகின்றன. செய்தி கடத்த இது நல்லது, வலு கடத்த ஆகாது.

நினைவில் வைக்க ஓர் அளவு: சுமையின் தடை கீழ்த் தடையைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும். 1000 ஓம் இரண்டுக்கு 10,000 ஓம் சுமை இணைத்தால் 6 வோல்ட் 5.71 ஆகும். அது பொறுக்கக்கூடிய இறக்கம்.

மீற்றரும் ஒரு சுமைதான். இரண்டு 1,00,000 ஓம் தடைகளின் நடுவே அளந்து பாருங்கள். உள்தடை 10 இலட்சம் ஓம் உள்ள மலிவான டிஜிட்டல் மீற்றர் 5.71 காட்டும். 10 வோல்ட் அளவில் 20,000 ஓம் உள்தடை கொண்ட பழைய முள் மீற்றர் 1.71 மட்டுமே காட்டும். இரண்டும் பழுதில்லை. ஒவ்வொன்றும் தான் இணைந்த பிறகு அங்கே மிஞ்சிய அழுத்தத்தைச் சொல்கிறது.

ஆகவே எந்தப் பற்றரி இணைப்பையும் சோதிக்கும்போது வெறும் முனைகளை அளந்து திருப்திப்பட வேண்டாம். பொருளை இணைத்து, இயக்கி, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் முனைகளில் மீற்றரை வையுங்கள். அப்போது வரும் எண்தான் அந்தப் பொருளுக்கு உண்மையில் கிடைக்கும் அழுத்தம்.