நான்கெழுத்து வேர்கள்

அரபியில் பெரும்பாலான வினைகள் மூன்று மெய்யெழுத்து வேரிலிருந்து பிறக்கின்றன. த-ர-ச என்ற வேர் படிப்பைக் குறிக்கும். நம் ஊர் மத்ரசாவும் அதில் வந்ததுதான். நடு எழுத்தை இரட்டித்தால் ‘தர்ரச’, கற்பித்தான். நிகழ்காலம் ‘யுதர்ரிசு’, கற்பிப்பவர் ‘முதர்ரிஸ்’.

நான்கெழுத்து வேர்களும் உண்டு. ‘தர்ஜம’ என்றால் மொழிபெயர்த்தான். அதன் நிகழ்காலம் ‘யுதர்ஜிமு’, மொழிபெயர்ப்பாளர் ‘முதர்ஜிம்’. இரண்டு வரிசைகளையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஒரே தாளம். காரணம் எளிது: இரட்டித்த ‘ர்ர’ இரண்டு மெய்களின் இடத்தைப் பிடிக்கிறது. அந்த இரண்டாவது இடத்தில் நான்கெழுத்து வேர் தன் சொந்த எழுத்தை வைக்கிறது. தொழிற்பெயரில்தான் வழி பிரிகிறது: அங்கே ‘தத்ரீஸ்’, இங்கே ‘தர்ஜமா’.

மூன்றெழுத்து வேருக்கு வழக்கில் பத்து வாய்பாடுகள். நான்கெழுத்துக்கு மூலத்தோடு நான்குதான். முன்னால் ‘த’ சேர்ந்தால் செயல் தன்மேல் திரும்பும்: ‘தஹ்ரஜ’ உருட்டினான், ‘ததஹ்ரஜ’ உருண்டான். கடைசி எழுத்தை இரட்டிப்பது இன்னொன்று: ‘இத்மஅன்ன’, மனம் அமைதியடைந்தான். நடுவில் ‘ன்’ நுழையும் எஞ்சிய வாய்பாடு மிக அரிது. புதிதாகப் படிப்பவர் அதைத் தள்ளிவைக்கலாம்.