சாது மிரண்டால்

ஒருவருடைய டிரேடிங் கணக்கில் 1 கோடியே 40 லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் அவர் மூன்று உத்திகளை ஓட்டுகிறார். முதலாவது, நிஃப்டி ஃபியூச்சர்ஸில் சந்தை ஏறுமுகமாக இருந்தால் வாங்குவது, இறங்குமுகமானால் விற்பது. இரண்டாவது, அதே வேலையைத் தங்கத்தில் செய்வது. போக்கு பிடிபடாத நாட்களில் இது சும்மா இருந்துவிடும். மூன்றாவது, நிஃப்டி புட் ஆப்ஷன்களை விற்று பிரீமியம் வாங்குவது. பணத்தை இந்த மூன்றுக்கும் எப்படிப் பிரிப்பது?

சமமாகப் பிரித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் மூன்றும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. லாப நட்டம் தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி அலைகிறது என்பதை வாலட்டிலிட்டி என்கிறார்கள். பள்ளியில் படித்த திட்டவிலக்கம்தான் அது. நிஃப்டி உத்திக்கு அது ஆண்டுக்கு 16 சதவீதம், தங்கத்துக்கு 8, ஆப்ஷன் விற்பனைக்கு 4 என்று கொள்வோம். சமமாகப் பிரித்தால் தலைக்கு 46 லட்சத்து 67 ஆயிரம். நிஃப்டி பங்கு ஆண்டுக்கு ஏழரை லட்சம் ரூபாய் அளவுக்கு மேலும் கீழும் ஆடும். ஆப்ஷன் பங்கு இரண்டு லட்சம்கூட ஆடாது. மூன்றுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை என்றால், கணக்கின் மொத்த ஆபத்தில் 76 சதவீதம் நிஃப்டி உத்தி ஒன்றிலிருந்தே வரும். பெயருக்குத்தான் மூன்று உத்திகள்.

இதைச் சரிசெய்யும் எளிய வழி தலைகீழ் விகிதம். எது அதிகம் ஆடுகிறதோ அதற்குக் குறைவாகவும், எது குறைவாக ஆடுகிறதோ அதற்கு அதிகமாகவும் கொடுப்பது. 1-ஐ ஒவ்வொன்றின் வாலட்டிலிட்டியாலும் வகுத்தால் பங்கு கிடைத்துவிடும். இங்கே 16, 8, 4 என்பது 1, 2, 4 என்ற விகிதமாகத் திரும்புகிறது. அதாவது நிஃப்டிக்கு 20 லட்சம், தங்கத்துக்கு 40 லட்சம், ஆப்ஷனுக்கு 80 லட்சம். 20 லட்சத்தில் 16 சதவீதம் 3.2 லட்சம், 40 லட்சத்தில் 8 சதவீதமும் அதே, 80 லட்சத்தில் 4 சதவீதமும் அதே. இப்போது மூவரும் ஒரே எடை தூக்குகிறார்கள்.

வாலட்டிலிட்டியை எடுப்பதும் கடினமில்லை. கடந்த 60 வர்த்தக நாட்களின் தினசரி லாப நட்டச் சதவீதத்தை எக்செல் தாளில் ஒரு நெடுவரிசையாகப் போட்டால் போதும்:

```
=STDEV.S(B2:B61)*SQRT(252)
```

252 என்பது ஆண்டின் வர்த்தக நாட்களுக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எண். அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 16. ஆகவே ஆண்டுக்கு 16 சதவீதம் என்றால் நாளொன்றுக்குச் சுமார் 1 சதவீதம் என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம்.

லெவரேஜ் இதற்குப் பிறகுதான் உள்ளே நுழைகிறது. தொடர்பில்லாத மூன்று உத்திகள் ஒரே நாளில் சேர்ந்து விழுவது அரிது. அதனால் மொத்த ஆட்டம் 3.2 லட்சத்தின் மூன்று மடங்காக வராது. மூன்றின் வர்க்கமூல மடங்காக, 5.54 லட்சமாக வரும். கணக்கில் இது 4 சதவீதம்தான். நம்மவருக்கோ ஆண்டுக்கு 10 சதவீத ஆட்டம் சம்மதம். லாபமும் அதற்கேற்ப வேண்டும். அப்படியானால் எல்லாவற்றையும் 2.53 மடங்காக்க வேண்டும். 1.4 கோடியை வைத்துக்கொண்டு 3 கோடியே 54 லட்சத்துக்குப் பொறுப்பேற்பது என்று அர்த்தம்.

புரோக்கர் இதற்குத் தடை சொல்ல மாட்டார். இண்டெக்ஸ் ஃபியூச்சர்ஸுக்குக் கேட்கும் மார்ஜின் மதிப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் என்பதால், அவர் கணக்குப்படி இன்னும் நிறைய இடம் இருக்கிறது. உச்சவரம்பை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

நம்மவர் 2 மடங்கு என்று வைக்கிறார். எல்லாப் பொசிஷன்களின் மதிப்பையும் கூட்டிக் கணக்கில் உள்ள பணத்தால் வகுக்கிறார். 2-ஐத் தாண்டினால், எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்குகிறார். இங்கே 2-ஐ 2.53-ஆல் வகுத்தால் 0.79. சுருக்கியபின் 40 லட்சம், 80 லட்சம், 1 கோடியே 60 லட்சம். கூட்டும்போது வாங்கியதையும் விற்றதையும் கழித்துக்கொள்ளக் கூடாது. ஒரு பக்கம் நிஃப்டியை விற்றிருக்கிறோம், மறுபக்கம் புட் விற்றது வாங்கியதற்குச் சமம், ஆகவே இரண்டும் சரியாகிவிட்டது என்று எழுதிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளும் கணக்கு.

வரம்பு எதற்கு? தொடர்பில்லை என்ற அனுமானம் பொய்த்துவிடும் நாளுக்கு. மூன்றும் சேர்ந்து ஆடினால் 2.53 மடங்கில் மொத்த ஆட்டம் 10 அல்ல, 17 சதவீதத்தைத் தாண்டும். வரம்புக்குள் இருந்தால் 13.7. தலைகீழ் விகிதம் உத்திகளுக்கு இடையேயான உறவைப் பார்ப்பதே இல்லை. நிஃப்டி உத்தியையே சற்று மாற்றி நான்காவதாகச் சேர்த்தால், அதற்கும் தனி ஆளாக ஒரு பங்கு கொடுத்துவிடும். ஆபத்தில் மூன்றில் இரண்டு பங்கு மறுபடி நிஃப்டி பக்கம் போய்விடும்.

இந்த முறையில் எனக்கு உண்மையான பயம் ஆப்ஷன் விற்கும் அந்தச் சாதுவிடம்தான். மாதக்கணக்கில் சிறுசிறு பிரீமியம் வந்துகொண்டே இருக்கும். வரைபடம் ஏணி வைத்தது போல் ஏறும். ஆட்டமே இல்லாததால் தலைகீழ் விகிதம் அதற்குத்தான் பெரிய பங்கை அளக்கிறது. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. சந்தைக்கு 3 சதவீதம் கீழே புட் விற்றிருந்தவருக்கு அப்படியொரு நாளில் ஒப்பந்த மதிப்பில் சுமார் 10 சதவீதம் போகும். ஆண்டுக்கு 4 சதவீதம் என்றால் நாளுக்குக் கால் சதவீதம். 10 என்பது அதைப்போல் 40 மடங்கு! திட்டவிலக்கம் என்ற எண்ணுக்குள் அந்த நாள் இல்லவே இல்லை. அந்த 60 நாட்களில் அது நடக்கவில்லை, அவ்வளவுதான்.

வரம்பு இல்லாமல் ஆப்ஷன் பங்கு 2 கோடியைத் தொட்டிருக்கும். ஒரே நாளில் 20 லட்சம், கணக்கில் ஏழில் ஒரு பங்கு காலி. வரம்போடு 16 லட்சம். குறைந்திருக்கிறது, ஆனால் போதாது. மொத்த வரம்பு எல்லோரையும் ஒரே விகிதத்தில் சுருக்குமே தவிர, சாதுவை மட்டும் தனியாகப் பிடித்து வைக்காது.

அதற்கு இன்னொரு விதி வேண்டும். எந்த உத்தியின் வாலட்டிலிட்டியையும் 8 சதவீதத்துக்குக் கீழே எடுத்துக்கொள்வதில்லை என்று ஒரு தரைமட்டம். 16, 8, 8 என்றானதும் பங்கு 28 லட்சம், 56 லட்சம், 56 லட்சமாக மாறுகிறது. 10 சதவீத ஆட்டத்துக்கு இப்போது 1.8 மடங்கே போதும். உச்சவரம்பைத் தொடவே இல்லை. அதே கெட்ட நாளில் ஆப்ஷன் நட்டம் 10 லட்சம். எந்த உத்திக்குத் தரைமட்டம் தேவை என்று கண்டுபிடிக்க, அதன் வரலாற்றிலேயே மோசமான நாளை அதன் தினசரி திட்டவிலக்கத்தால் வகுத்துப் பார்க்கலாம். விடை எவ்வளவு பெரிதோ, அதன் சாந்தத்தை அவ்வளவு குறைவாக நம்பலாம். வரலாறே இரண்டு வருடம்தான் என்றால் அந்தச் சோதனையும் செல்லாது.

விகிதத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை திருத்துவது என்பதில் ஆளுக்கொரு பழக்கம். தினமும் திருத்தினால் புரோக்கரேஜும் வரியும் தின்றுவிடும். மாதம் ஒருமுறை பார்த்து, பங்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விலகியிருந்தால் மட்டும் கைவைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கணக்கு 1.4 கோடியாக இல்லாமல் 14 லட்சமாக இருந்தால் இந்தப் பங்கீடு ஃபியூச்சர்ஸில் நடக்காது. இண்டெக்ஸ் ஒப்பந்தம் ஒன்றின் மதிப்பு குறைந்தது 15 லட்சமாக இருக்க வேண்டும் என்ற செபியின் விதி 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 14 லட்சக் கணக்கில், 1.8 மடங்காக்கிய பிறகும், நிஃப்டி உத்திக்கு வருவது 5 லட்சம். ஒரே ஒரு லாட் எடுத்தாலே மூன்று மடங்கு. ஆப்ஷனுக்கு வரும் 10 லட்சமும் ஒரு லாட்டுக்கு எட்டாது. தங்கத்தில் எம்சிஎக்ஸின் கோல்டு பெட்டல் ஒரு கிராம் ஒப்பந்தம் என்பதால், அந்தப் பங்கை மட்டும் கிராம் சுத்தமாக நிறுத்திவிடலாம்.