முதல் நாளிலேயே மாறும் மாத்திரைச் சீட்டு

2017 டிசம்பரில் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு ஆய்வு முடிவு வெளியானது. அதன் பெயர் 'டைரக்ட்'. ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்தின் டைன்சைடு பகுதியிலும் உள்ள 49 குடும்ப மருத்துவர் நிலையங்களில், சர்க்கரை நோய் வந்து ஆறு வருடத்துக்கு மேல் ஆகாத சுமார் 300 பேரிடம் நடந்த ஆய்வு அது. கிளாஸ்கோவின் மைக் லீனும் நியூகாசிலின் ராய் டெய்லரும் தலைமை தாங்கினார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்குச் சில மாதங்களுக்குச் சாப்பாடே கிடையாது. அதற்குப் பதில் பாக்கெட்டில் வரும் சூப்பும் பால் போன்ற ஷேக்கும்தான். ஒரு நாளைக்கு மொத்தம் சுமார் 850 கலோரி.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, உணவுத் திட்டத்தில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்குச் சர்க்கரை மாத்திரை எதுவும் இல்லாமலே ரத்தச் சர்க்கரை நோய் அளவுக்குக் கீழே இருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 4 சதவீதம்தான். இந்த நிலையை மருத்துவர்கள் 'குணம்' என்று சொல்வதில்லை, 'தணிவு' என்கிறார்கள். சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது தணிவு.

பட்டினிக்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு? டெய்லரின் விளக்கம் இது: தேவைக்கு மேல் சாப்பிட்டதெல்லாம் கொழுப்பாகிக் கல்லீரலில் சேர்கிறது. கொழுத்த கல்லீரல் இன்சுலின் பேச்சைக் கேட்காமல், ராத்திரி முழுக்க சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது. அங்கே வழிந்த கொழுப்பு கணையத்திலும் போய்த் தேங்கி, இன்சுலின் சுரக்கும் செல்களை மந்தமாக்குகிறது. கணையத்திலிருந்து நீங்க வேண்டிய கொழுப்பு ஒரு கிராம்கூட இருக்காது. ஆனால் அந்த ஒரு கிராமை மட்டும் தனியாக எடுக்க வழியில்லை. உடம்பு முழுக்க 15 கிலோ இறங்கினால்தான் அதுவும் இறங்கும். அவருடைய 2011 ஆய்வில், உணவைக் கடுமையாகக் குறைத்த ஏழே நாளில் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்துவிட்டது. கணையம் தேறத்தான் எட்டு வாரம் பிடித்தது.

இந்த ஏழு நாள் என்ற வேகம்தான் மாத்திரைச் சீட்டை ஆபத்தாக்குகிறது. இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ். இப்போது இதையே 12 மாதத் திட்டமாக நடத்துகிறது. அதில் சேர்கிறவருக்கு முதல் பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன்பே மருத்துவர் மருந்துகளை மறுபரிசீலனை செய்திருக்க வேண்டும். அது எப்படி நடக்கும் என்று புரிந்துகொள்ள, லெஸ்டரில் பஸ் ஓட்டும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 52, உயரம் 170 சென்டிமீட்டர், எடை 96 கிலோ. சர்க்கரை வந்து மூன்று வருடம். ஹெச்பிஏ1சி 7.6. மெட்ஃபார்மின், கிளிக்லசைடு, டாபாகிளிஃப்ளோசின் மூன்றையும் சர்க்கரைக்காகவும், ராமிப்ரிலை ரத்த அழுத்தத்துக்காகவும் சாப்பிடுகிறார்.

இந்த நாலும் ஒரே மாதிரி இல்லை. கிளிக்லசைடு, சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியேற்றும். 800 கலோரியில் இருப்பவர் அதைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங் பிடித்தால், நடுவழியில் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டும். எனவே அது முதல் நாளே நிற்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும் மருந்து. உணவு குறைந்த உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற அமிலத்தை உண்டாக்கும்போது, இந்த மருந்தும் சேர்ந்தால் அமிலம் எல்லை மீறலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வரும். குளுக்கோமீட்டர் மட்டும் சாதாரண எண்ணைக் காட்டி ஏமாற்றும். அதனால் அதுவும் நிற்கும். ஆனால் அதே மருந்து இதயச் செயலிழப்புக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ தரப்பட்டிருந்தால் கதையே வேறு. அவர் இந்தத் திட்டத்தில் சேரலாமா என்பதையே மருத்துவர் முதலில் முடிவு செய்ய வேண்டும். மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளாது. ஆனாலும் 'டைரக்ட்' ஆய்வில் அதையும் முதல் நாளே நிறுத்தினார்கள்.

பலரும் கவனிக்கத் தவறுவது ராமிப்ரிலைத்தான். உணவு குறைந்த முதல் நாட்களில் உடம்பிலிருந்து உப்பும் நீரும் வேகமாக வெளியேறும். பழைய அளவு பிரஷர் மாத்திரையும் தொடர்ந்தால், படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றும். நம் டிரைவருக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பதால் மருத்துவர் அதை நிறுத்திவைக்கிறார். அளவு மறுபடி ஏறினால் திரும்பத் தொடங்குவார். இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து தானே முடிவு செய்யக் கூடாது. இன்சுலின் போடுபவர்களும் கர்ப்பிணிகளும் இந்தத் திட்டத்திலேயே இல்லை.

இனி நாளுக்கு நான்கு பாக்கெட், இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். முதல் வாரத்தில் பசி, தலைவலி, எரிச்சல். பிறகு பசி அடங்கும், மலச்சிக்கல் தொடங்கும். அதற்கு நார்ச்சத்துப் பொடி. எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் கல் வரலாம். சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே வலித்தால் சொல்லியாக வேண்டும். 12 வாரம் முடியும்போது அவர் 82 கிலோ. பிறகு ஒவ்வொரு வேளையாக உண்மைச் சாப்பாடு திரும்புகிறது. ஒரு பாக்கெட் போய், அளந்த ஒரு தட்டு வரும். ஆறாம் மாதம் ஹெச்பிஏ1சி 6.1. மாத்திரை நின்று மூன்று மாதம் தாண்டிவிட்டதால் இது தணிவுதான்.

எல்லோருக்கும் இப்படி ஆகாது. 'டைரக்ட்' ஆய்வில் 15 கிலோவுக்கு மேல் இறங்கியவர்களில் 86 சதவீதம் பேருக்குத் தணிவு கிடைத்தது. ஐந்து கிலோவுக்குள் நின்றவர்களில் 7 சதவீதம் பேருக்குத்தான். எடை ஏறியவர்களில் ஒருவருக்கும் இல்லை. எடை நன்றாக இறங்கியும் சர்க்கரை அசையவில்லை என்றால், கணையம் நெடுநாள் நோயில் களைத்துப்போயிருக்கலாம். அல்லது இது டைப் 2 ஆகவே இல்லாமலும் இருக்கலாம். அப்போது பட்டினியை நீட்டிப்பதில் பயனில்லை, பரிசோதனைதான் தேவை.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. என்.ஹெச்.எஸ். திட்டத்தில் சேர வெள்ளையர்களுக்கு உடல் நிறை எண் 27 இருக்க வேண்டும். தெற்காசியர்களுக்கு 25 போதும். பார்க்க ஒல்லியாக இருக்கும்போதே நமக்குக் கல்லீரலில் கொழுப்பு தேங்கிவிடுகிறது.

தணிவு வந்த பிறகுதான் நீண்ட வேலை. ஆய்வின் இரண்டாம் ஆண்டு முடிவில் 46 சதவீதம் 36 ஆகிவிட்டது. காரணம், கிலோக்கள் திரும்பி வந்ததுதான். எனவே டிரைவர் வாரம் ஒருமுறை, காலையில், ஒரே தராசில் எடை பார்க்கிறார். ஆய்வில் வைத்திருந்த விதி எளிது: இரண்டு கிலோ ஏறினால் நாலு வாரத்துக்கு ஒன்றிரண்டு வேளைகளுக்குப் பாக்கெட். நாலு கிலோ ஏறினாலோ சர்க்கரை திரும்பினாலோ நாலு வாரம் முழுக்கவே பாக்கெட். பத்தாம் மாதம் தராசு 84.5 காட்டியது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இன்னும் நல்லபடியாகவே இருந்தது. ஆனாலும் அன்று ராத்திரியே சாப்பாட்டை விட்டு சூப் பாக்கெட்டைப் பிரித்தார். ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரியைச் சொல்லும். தராசு இந்த வாரத்தைச் சொல்லும்.

மாத்திரை இல்லாவிட்டாலும் வருடாந்தர ரத்தப் பரிசோதனை, கண் விழித்திரைப் படம், பாதப் பரிசோதனை மூன்றுக்கும் அவர் போகிறார். மருத்துவரின் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே சர்க்கரை நோய் அடிக்கப்படவில்லை. பக்கத்தில் 'தணிவில்' என்று மட்டும் எழுதியிருக்கிறது.