காரின் மென்பொருளும் உரிமையாளரின் கையும்

அமெரிக்காவில் 1996 முதல் விற்கப்படும் கார்களில், ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஓபிடி சாக்கெட் இருந்தாக வேண்டும். புகை மாசு தொடர்பான பழுதுகளை எந்த மெக்கானிக்கும் படிக்க முடிய வேண்டும் என்பதே நோக்கம். மற்ற பகுதிகளின் மென்பொருளுக்கு இந்த விதி பொருந்தாது. அதனால் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இல் பழுதுபார்ப்பு உரிமைச் சட்டம் இயற்றியது. கம்பியில்லாமல் கம்பெனிக்குப் போகும் தரவையும் உரிமையாளர் பெற வேண்டும் என்று அங்குள்ள வாக்காளர்கள் 2020-இல் தீர்ப்பளித்தனர். கார் கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன.

மலிவான புளூடூத் கருவியும் கைப்பேசியும் இருந்தால் உரிமையாளரே ஓரளவு பார்க்கலாம். எஞ்சின் விளக்கு எரிந்து P0171 என்ற குறியீடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எரிபொருளுக்குக் காற்று அதிகம் என்பதே அதன் பொருள். ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்லும் உத்தரவு அல்ல. நேரடித் தரவில் ‘Fuel Trim’ எண்ணைப் பார்க்க வேண்டும். வண்டி நின்றபடி ஓடும்போது அது +20% இருந்து, 2500 சுற்றில் +3% ஆக இறங்கினால், பெரும்பாலும் எங்கோ வெற்றிடக் குழாயில் கசிவு. வேகம் கூடக்கூட எண்ணும் ஏறினால் பெட்ரோல் பம்ப்பையோ காற்றளவு சென்சாரையோ சந்தேகிக்கலாம்.

காரணம் தெரியாமல் குறியீட்டை அழிப்பது வீண்வேலை. சுயசோதனைப் பதிவுகளும் சேர்ந்து அழிவதால், புகைச் சோதனையில் வண்டி திருப்பி அனுப்பப்படலாம். புதிய சாவியைப் பதிவு செய்வது போன்ற வேலைகளுக்கு இந்த மலிவுக் கருவி பொதுவாக உதவாது. பெரும்பாலும் அதற்கென உள்ள மென்பொருள் வேண்டும்.