சான்று கேட்டு ஒரு கடிதம்

கோயம்புத்தூர், மோட்டார் பம்புகளுக்குப் பெயர்பெற்ற நகரம். அவற்றுக்கான உதிரிப் பாகங்களைக் கடைந்து தரும் லேத் பட்டறைகள் அந்நகரின் தெருக்களில் மிகுதி. ஆறு தொழிலாளர்களுடன் இம்பெல்லர் செய்யும் பட்டறையொன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் உரிமையாளருக்குக் கென்யாவிலிருந்து முதல் ஏற்றுமதி ஆணை வருகிறது. சரக்குடன் சான்றிதழ் ஒன்றும் வேண்டும் என்கிறார் வாங்குபவர். உரிமையாளர் தொழிற்சங்கம் ஒன்றுக்கு இரண்டு வரி எழுதுகிறார்: “எங்கள் நிறுவனம் உறுப்பினராக விரும்புகிறது. கட்டணமும் சான்றிதழும் பற்றி விவரம் தருக.”

சங்கமும் குறை வைக்கவில்லை. விண்ணப்பப் படிவம் அனுப்பியது, பணம் பெற்றது, உறுப்பினர் சான்றிதழும் வழங்கியது. அதனை வாங்குபவர் ஏற்கவில்லை. அவர் கேட்டது சரக்கு எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதற்கான சான்று. பிறப்பிடச் சான்றிதழ் என்பது அதன் பெயர். உறுப்பினர் சான்றிதழோ, இந்நிறுவனம் இச்சங்கத்தைச் சேர்ந்தது என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை.

‘சான்றிதழ்’ என்ற ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு ஆவணங்கள் மறைந்திருப்பதே இக்குழப்பத்திற்குக் காரணம். ஒரு நிறுவனம் குறுந்தொழிலா, சிறுதொழிலா என்பதைக் காட்டுவது உத்யம் பதிவுச் சான்று. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள இதனை ஒன்றிய அரசின் இணையத்தளத்தில் கட்டணமின்றிப் பெறலாம்; இதற்குச் சங்கத்தை நாட வேண்டியதில்லை. ஏற்றுமதிச் சலுகைகள் பலவற்றுக்குத் தேவைப்படும் பதிவு மற்றும் உறுப்பினர் சான்றிதழை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகங்கள் வழங்குகின்றன. அதன் பெயரில் ‘உறுப்பினர்’ என்ற சொல் இருப்பதால் மயங்குவோர் பலர். பிறப்பிடச் சான்றிதழை வழங்க, வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககத்தின் ஏற்பு வேண்டும். அவ்வேற்பைப் பெற்ற வணிகச் சங்கங்கள் உண்டு, பெறாதவையும் உண்டு. ஆகவே, பயன் இன்னதென்று சொல்லாமல் சான்றிதழ் கேட்பது, நோயைச் சொல்லாமல் மருந்து கேட்பதைப் போன்றதே.

கட்டணத்திலும் இத்தகைய மறைவு ஒன்றுண்டு. நுழைவுக் கட்டணம் ஒருமுறை செலுத்துவது. சந்தா ஆண்டுதோறும் செலுத்துவது. நுழைவுக் கட்டணம் ரூ.2,000, சந்தா ரூ.3,000 எனக் கொண்டால் கூட்டுத்தொகை ரூ.5,000. சங்கம் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி வாங்கினால், மேலும் ரூ.900 சேர்ந்து ரூ.5,900 ஆகும். சந்தா ஆண்டு மார்ச் 31இல் முடியும் சங்கத்தில் ஜனவரியில் சேர்ந்தவர், ஏப்ரலில் மீண்டும் வரியுடன் ரூ.3,540 செலுத்த நேரிடும். மூன்று மாதங்களுக்குள் ரூ.9,440 என்பது சிறு பட்டறைக்கு எளிய தொகையன்று. எஞ்சிய மாதங்களுக்கு மட்டும் சந்தா பெறுவார்களா என்பதை முன்னரே கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

உரிமையாளர் இரண்டாவது கடிதத்தை, பிறப்பிடச் சான்றிதழ் வழங்கும் வேறொரு சங்கத்திற்கு எழுதினார். அதன் உடற்பகுதி இவ்வாறு அமைந்தது:

“மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் பட்டறை பம்புகளுக்கான வார்ப்பிரும்பு இம்பெல்லர்களைச் செய்கிறது. குறுந்தொழிலாக உத்யம் பதிவு பெற்றுள்ளோம். சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவும் உண்டு. அடுத்த மாதம் கென்யாவிற்கு அனுப்பவுள்ள சரக்கிற்குச் சலுகை சாராப் பிறப்பிடச் சான்றிதழ் தேவைப்படுகிறது.

இச்சான்றிதழைத் தங்கள் சங்கத்தில் உறுப்பினரல்லாதார் பெற இயலுமா? இயலுமெனில், உறுப்பினருக்கும் ஏனையோருக்கும் உரிய கட்டணங்கள் யாவை? உறுப்பினராகச் சேர்வதாயின் நுழைவுக் கட்டணம், சந்தா, வரி ஆகியவற்றைத் தனித்தனியே தெரிவிக்க வேண்டுகிறோம். முன்மொழிபவர், வழிமொழிபவர் கையொப்பம் வேண்டுமா என்பதையும், விண்ணப்பங்களை ஏற்கும் செயற்குழு அடுத்து எந்நாளில் கூடும் என்பதையும் அறிய விழைகிறோம். எங்களைப் போன்ற குறுந்தொழில்களுக்குக் கடந்த ஓராண்டில் சங்கம் நடத்திய பயிற்சிகள், கண்காட்சிகள் பற்றிய விவரமும் தந்துதவ வேண்டுகிறோம்.”

செயற்குழு கூடும் நாளைக் கேட்டது நுட்பமானது. பல சங்கங்களில் விண்ணப்பம் அலுவலகத்தில் ஏற்கப்பட்டாலும், குழு கூடி ஒப்பும் வரை உறுப்பினர் தகுதி கிட்டாது. கப்பல் புறப்படும் நாளோ குழுவிற்காகக் காத்திராது. பயன்களைப் பொதுவாகக் கேட்காமல், ‘கடந்த ஓராண்டில்’ என வரையறுத்ததும் அத்தகையதே; சங்கத்தின் நோக்கங்களைப் பட்டியலிடும் அச்சுத்தாளுக்கு மாறாக, நடந்தவற்றையே விடையாகத் தர வேண்டியிருக்கும்.

இக்கடிதத்திற்கு விடை வந்தது. உறுப்பினரல்லாதாரும் சற்றுக் கூடுதல் கட்டணத்தில் சான்றிதழ் பெறலாம் என்றிருந்தது. உரிமையாளர் அச்சரக்கிற்கு மட்டும் சான்றிதழ் பெற்றுக்கொண்டு, உறுப்பினர் விண்ணப்பத்தை ஏப்ரலுக்கு ஒத்திவைத்தார்.