கேஷியர் போனார், ஐடி போகவில்லை

ஒரு ஜவுளிக்கடைக் கிளை. கேஷியர் சனிக்கிழமை இரவு கல்லாவை ஒப்படைத்துவிட்டு வேலையிலிருந்து விலகிவிட்டார். பில்லிங் சாஃப்ட்வேரில் அவருடைய யூசர் ஐடி மட்டும் உயிரோடு இருக்கிறது. அதை முடக்கும் அதிகாரம் தலைமை அலுவலகத்திடம்தான். மேலாளர் அன்றே கடிதம் எழுத வேண்டும்.

ஆபத்து வெளியேறியவரால் மட்டுமல்ல, அவர் பாஸ்வேர்டு தெரிந்த இன்னொருவராலும் வரலாம். ரொக்கத்துக்குப் போட்ட 2,400 ரூபாய் பில்லை அந்த ஐடியில் நுழைந்து ரத்துசெய்தால், கணக்கில் விற்பனையே இருக்காது. பணம் பைக்குள் போய்விடும். கல்லாவும் சரியாகவே இருக்கும். சரக்கு எண்ணும்போதுதான் குறை தெரியும். பழியோ ஊரிலேயே இல்லாதவர்மேல் விழும். எவ்வளவு பெரிய அநியாயம்!

ஆகவே கடிதத்தில் ஐடி, கடைசியாக வேலைபார்த்த தேதி, கல்லா ஒப்படைத்த நேரம் மூன்றும் தெளிவாக இருக்கட்டும். பாஸ்வேர்டை எழுதவே கூடாது. முக்கிய வாசகம் இது: “ஐடியை அழிக்க வேண்டாம், உடனே முடக்கிவிட்டு, நேரம் குறித்து உறுதிசெய்யவும்.” அழித்தால், சில சாஃப்ட்வேர்களில் பழைய பில்களை யார் போட்டது என்ற தடயமும் போய்விடும். ஒப்படைத்த நேரத்துக்குப் பிறகு அந்த ஐடியில் நடந்த பில் ரத்து, ரிட்டர்ன் பட்டியலையும் அதே கடிதத்தில் கேட்டுவிட வேண்டும்.