முதல் செய்தி தவறினால் இரண்டாவது என்ன ஆகும்?

இணையக் கடையில் ஒருவர் மிக்சி ஆர்டர் செய்கிறார். சில நொடிகளில் மனம் மாறி ரத்து செய்கிறார். பணமும் கணக்குக்குத் திரும்பிவிடுகிறது. மூன்றாம் நாள் அதே மிக்சி வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது. கடைக்காரர்கள் பதிவேடுகளைத் துருவிப் பார்த்தால், எங்குமே பிழை என்று ஒரு வரி இல்லை. இதற்குக் காரணமான நிரல் ஆறே வரிதான். கோட் ரிவ்யூவில் அதைப் படிப்பவர் ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், மிக்சி கிடங்கை விட்டே கிளம்பியிருக்காது.

ஆர்டர் வாங்கும் மென்பொருளும் கிடங்கின் மென்பொருளும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் ஒரு செய்தி வரிசை இருக்கிறது. மெசேஜ் க்யூ என்பார்கள். லிங்க்ட்இன் நிறுவனத்தில் பிறந்து 2011இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட காஃப்காவை இந்த வேலைக்குப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஒரு பக்கம் செய்திகளை எழுதிக்கொண்டே போகும். மறுபக்கம் கன்சியூமர் என்ற நிரல் ஒவ்வொன்றாக எடுத்து வேலையை முடிக்கும். எதுவரை முடித்தோம் என்பதை, புத்தகத்தில் அடையாளத்தாள் வைப்பதுபோல, ஆஃப்செட் என்ற எண்ணாகக் குறித்து வைக்கும். நிரல் செத்து மீண்டும் எழுந்தால் அந்த இடத்திலிருந்து தொடரும்.

காஃப்கா ஒரு செய்தித் தொகுப்பைப் பல பார்ட்டிஷன்களாகப் பிரித்து வைக்கிறது. எழுதிய வரிசையிலேயே படிக்கக் கிடைக்கும் என்ற உறுதி ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டுமே உண்டு. அதனால் ஆர்டர் எண்ணைச் சாவியாகக் கொடுத்து அனுப்புவார்கள். ஒரே சாவி உள்ள செய்திகள் ஒரே பார்ட்டிஷனில் விழும். ‘ஆர்டர் வந்தது’ முன்னும் ‘ரத்து’ பின்னுமாக நிற்கும்.

கிடங்கின் பழைய கன்சியூமர், ஒரு செய்தி தவறினால் அது சரியாகும்வரை அங்கேயே நின்றது. ஒன்று சிக்கினால் பின்னால் ஆயிரக்கணக்கான செய்திகள் தேங்கும். அதைச் சரிசெய்ய வந்த மாற்றம் இது:

```python
for msg in consumer:
    try:
        apply(msg.value)
    except Exception:
        producer.send("orders.retry", msg.value)
    consumer.commit()
```

தவறிய செய்தியை `orders.retry` என்ற இன்னொரு வரிசையில் போடு, ஆஃப்செட்டை நகர்த்து, அடுத்ததைப் பார். அங்கே போனதை ஒரு நிமிடம் கழித்து வேறொரு நிரல் எடுத்து மறுபடி முயலும். படித்தவுடன் சரியென்றே தோன்றும், தேக்கமும் தீர்ந்துவிடும்.

இப்போது மிக்சியைப் பின்தொடர்வோம். ‘ஆர்டர் வந்தது’ வருகிறது. அந்த நொடியில் தரவுதளம் திணறிக்கொண்டிருப்பதால் எழுத முடியவில்லை. செய்தி மறுமுயற்சி வரிசைக்குப் போகிறது. உடனே ‘ரத்து’ வருகிறது. இந்த எண்ணுள்ள ஆர்டரின் நிலையை ‘ரத்தானது’ என்று மாற்று என்கிறது நிரல். அப்படி ஒரு ஆர்டர் இன்னும் அட்டவணையில் இல்லை. தரவுதளம் இதைப் பிழையாகக் கருதாது. மாறிய வரிகள் பூஜ்யம் என்று மட்டும் சொல்லும். அந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை. ரத்து வெற்றிகரமாக முடிந்ததாகவே கணக்கு. ஒரு நிமிடம் கழித்து ‘ஆர்டர் வந்தது’ மறுமுயற்சியில் வெற்றி பெறுகிறது. மிக்சி பெட்டிக்குள் போகிறது.

ஆகவே ரிவ்யூ செய்பவர் முதலில் கேட்க வேண்டியது, தவறிய செய்தி எங்கே போகும் என்பதை அல்ல, அதன் பின்னால் நிற்கும் அதே சாவியின் செய்திகள் என்ன ஆகும் என்பதை. இதற்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒரு ஆர்டரின் செய்தி மறுமுயற்சியில் இருக்கிறது என்று குறித்து வைத்து, அதே ஆர்டருக்குப் பிறகு வருவதையெல்லாம் அதன் பின்னாலேயே அனுப்பலாம். வரிசை குலையாது, ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் அந்தக் குறிப்பைப் பார்த்தாக வேண்டும். இன்னொன்று, ஆர்டர் இல்லாவிட்டாலும் ‘ரத்தானது’ என்ற வரியை அட்டவணையில் எழுதிவிடுவது. தாமதமாக வரும் ‘ஆர்டர் வந்தது’ அதைக் கண்டு ஒதுங்கிக்கொள்ளும். கிடங்குக்கு நான் இரண்டாவதையே தேர்வேன். எளிது, சோதிப்பதும் சுலபம். எதைத் தேர்ந்தாலும், மாறிய வரிகள் பூஜ்யம் என்றால் அது பதிவேட்டில் தெரிந்தே ஆக வேண்டும்.

இதே ஆறு வரிகளில் இன்னும் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. `producer.send` செய்தியை உடனே அனுப்புவதில்லை; அனுப்பும் பட்டியலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடும். அது போய்ச் சேரும் முன்பே `commit` நடந்து, அந்த இடைவெளியில் நிரல் செத்தால், செய்தி எந்த வரிசையிலும் இருக்காது. சேர்ந்தது என்ற பதிலுக்குக் காத்திருந்த பிறகே ஆஃப்செட்டை நகர்த்த வேண்டும். சாவியையும் சேர்த்து அனுப்ப வேண்டும். மேலே உள்ள வரியில் அது விடுபட்டிருக்கிறது. மறுபுறம், `apply` முடிந்து `commit` ஆகும் முன் நிரல் செத்தால், அதே செய்தி இரண்டாம் முறை வரும். இதை வரிசை தடுக்காது. செய்தியின் அடையாள எண்ணை, வேலையை எழுதும் அதே பரிவர்த்தனையில் தனித்துவக் கட்டுப்பாட்டோடு பதிந்து வைத்தால், இரண்டாம் முறை வருவது தானாக நிராகரிக்கப்படும்.

மறுமுயற்சிக்குத் தனி வரிசை எதற்கு, அங்கேயே கொஞ்சம் தூங்கிவிட்டு முயலலாமே என்று சிலர் கேட்பார்கள். காஃப்கா கன்சியூமர் வழக்கமான அமைப்பில் ஒரு முறைக்கு 500 செய்திகள்வரை எடுக்கும். அடுத்த முறை எடுக்க 5 நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் 1, 2, 4 விநாடி என்று மூன்று முறை காத்திருந்தால் 7 விநாடி. தரவுதளம் படுத்துவிட்ட நேரத்தில் 43 செய்திகளிலேயே 5 நிமிடம் தாண்டிவிடும். கன்சியூமர் இறந்துவிட்டதாகக் கருதி அதன் பார்ட்டிஷன் வேறொருவரிடம் போகும். அவரும் அதே செய்திகளை முதலிலிருந்து தொடங்குவார்.

எத்தனை முறை முயன்றாலும் தேறாத செய்திகளை நச்சுச் செய்தி என்கிறார்கள். பாதியில் அறுந்த ஜேசன் வந்தால் ஆயிரம் முறை படித்தாலும் அது பாதிதான். மேலே உள்ள `try` இதைப் பிடித்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் ஜேசனைப் பிரிக்கும் வேலையைக் கன்சியூமரிடமே ஒப்படைத்திருந்தால், பிழை `for` வரியிலேயே வெடிக்கும். அது `try`க்கு வெளியே இருக்கிறது. நிரல் சாகும், மேலாண்மைக் கருவி அதை எழுப்பும், நகராத ஆஃப்செட்டிலிருந்து அதே செய்தியைப் படித்து மறுபடி சாகும். வெளியிலிருந்து பார்த்தால் அடையாளம் தெளிவு: ஒரு பார்ட்டிஷனின் தேக்கம் மட்டும் ஏறிக்கொண்டே போகும், மற்றவை சீராக ஓடும். மாற்று எளிது. செய்தியை மூல பைட்டுகளாக வாங்கி, பிரிப்பதை `try`க்குள் செய்ய வேண்டும்.

அதோடு `except Exception` என்ற ஒற்றை வலையையும் பிரித்தாக வேண்டும். அறுந்த ஜேசன் நேராக டெட் லெட்டர் க்யூ எனப்படும் ஒதுக்கிடத்துக்குப் போகட்டும். அதற்கு மறுமுயற்சி வீண். தரவுதளம் கிடைக்கவில்லை என்பது செய்தியின் குற்றமல்ல. அப்போது கன்சியூமர் எடுப்பதை நிறுத்திக் காத்திருப்பதே சரி. இல்லாவிட்டால் பத்து நிமிட மின்தடை ஒன்றில், நல்ல செய்திகள் அத்தனையும் ஒதுக்கிடத்தில் குவிந்துவிடும்.

ஒதுக்கிடத்துக்கும் ஆயுள் உண்டு. மாற்றாமல் விட்டால் காஃப்கா செய்திகளை 7 நாள்தான் வைத்திருக்கும். முதல் செய்தி விழுந்ததுமே ஒருவருடைய கைப்பேசி ஒலிக்கும்படி அமைக்காவிட்டால், எட்டாம் நாள் தேடிப் பார்க்க எதுவும் மிஞ்சாது. நிரலைத் திருத்தியபின் அவற்றை மீண்டும் ஓட விடும்போதும் பழைய ஆபத்து காத்திருக்கிறது. மூன்று நாள் தாமதமாக வரும் ‘ஆர்டர் வந்தது’, இதற்கிடையில் அதே ஆர்டருக்கு நடந்த எல்லாவற்றையும் பார்த்த பிறகே அட்டவணையைத் தொட வேண்டும்.